முதல் காதலும் நினைவு மேடும்

அறுபது, எழுபது வயதானவர்களிடம் ‘ஆறு’, ‘கதவு’, ‘சட்டை’ என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, அதைக் கேட்டதும் தங்கள் வாழ்க்கையிலிருந்து எந்தச் சம்பவம் மனதில் வருகிறது, அது எந்த வயதில் நடந்தது என்று கேட்பது நினைவாற்றல் ஆய்வில் ஒரு பழைய முறை. இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் கால்டன் 1879-இல் இதைத் தன்மேலேயே செய்து பார்த்தார். கிடைக்கும் பதில்களை வயதுவாரியாகக் கட்டம் போட்டால் ஒரு விசித்திரமான வடிவம் தெரியும். முதல் ஐந்து வயதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. கடைசிச் சில வருடங்களில் நினைவுகள் குவிந்திருக்கும். அது இயல்புதான், நேற்று நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்கும். நடுவில் இறங்கி வரும் கோடுதான், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் திடீரென்று மேலே எழும்பி ஒரு மேடு கட்டுகிறது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நடந்தவை இன்னும் அருகில் இருந்தும் அந்த அளவுக்கு நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரூபினும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுக்கூடங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 1986-இல் இந்த மேட்டை நிறுவினார்கள். உளவியலில் இதற்கு ‘ரெமினிசென்ஸ் பம்ப்’ என்று பெயர், இங்கே நினைவு மேடு என்று சொல்லலாம். சுமார் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம்தான் இது தெளிவாகத் தெரியும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த மேடும் அண்மைக்கால நினைவும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும்.

மேடு எங்கே எழும்புகிறது என்பது கேட்கும் முறையைப் பொறுத்தும் மாறுகிறது. சொல்லைச் சொல்லிக் கேட்டால் அது சிறுவயதுப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ‘உங்கள் வாழ்க்கையில் முக்கியமான சம்பவங்கள் எவை’ என்று கேட்டால் பதினைந்திலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் நகர்கிறது. வாசனையைக் காட்டிக் கேட்டாலோ கதையே வேறு. ஸ்வீடனில் யோஹன் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் சொற்களும் படங்களும் முதியவர்களைப் பதின்வயதுக்குக் கொண்டுபோயின. வாசனைகளோ பத்து வயதுக்கும் முந்திய நாட்களுக்குக் கொண்டுபோயின. மல்லிகைப்பூ வாசம் பழைய காதலை எழுப்பும் என்று கதைகளில் எழுதுகிறோம். ஆய்வுகளின்படி பார்த்தால் அது பாட்டி வீட்டு முற்றத்தை எழுப்பத்தான் வாய்ப்பு அதிகம். காதலுக்குப் பாட்டுதான் பொருத்தம். மோரிஸ் ஹோல்ப்ரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு வயதினருக்கு 1930-களிலிருந்து 1980-கள் வரையிலான பாடல்களைப் போட்டுக் காட்டியபோது, தங்களுக்குச் சுமார் 24 வயதாக இருந்தபோது வந்த பாடல்களே அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தன.

காதல் இந்த மேட்டில் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டியது டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு. ரூபினும் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் டோர்த்தே பெர்ன்ட்சனும் 2003-இல் அதை வெளியிட்டார்கள். 20 வயதிலிருந்து 90 தாண்டியவர்கள் வரை 1,300 பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள். கேட்ட கேள்விகள் மிக எளிமையானவை. வாழ்க்கையிலேயே அதிகம் பயந்தது எந்த வயதில்? அதிகம் பெருமைப்பட்டது? பொறாமைப்பட்டது? கோபப்பட்டது? அதிகம் காதலில் இருந்தது? காதல் போன்ற இனிய உணர்வுகளுக்கு இளமையில் மேடு எழும்பியது. எதிர்மறையான உணர்வுகளுக்குப் பொதுவாக அப்படி எழும்பவில்லை. இதே இருவர் அதற்கு முந்தைய வருடம் வெளியிட்ட வேறோர் ஆய்விலும் இதே வேறுபாடுதான்: மிகவும் மகிழ்ச்சியான நினைவு இருபதுகளில் குவிந்தது, மிகவும் துயரமான நினைவுக்கு அப்படியொரு குவியல் இல்லை.

முதல் காதல் ஏன் மறப்பதில்லை என்றால், அந்த வயதில் ஹார்மோன்கள் பொங்குகின்றன, அதனால் எல்லாம் மூளையில் ஆழமாகப் பதிகிறது என்று உடனே பதில் வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. உணர்ச்சி கிளர்ந்தால் நினைவு வலுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெகாவும் மற்றும் இருவரும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், சிலருக்கு ப்ரோப்ரனோலால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மனதை உலுக்கும் ஒரு கதையைப் படங்களோடு சொன்னார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் இந்த மருந்து, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும். மாத்திரை போடாதவர்களுக்குக் கதையின் உலுக்கும் பகுதி ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவிருந்தது. போட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை. ஆனால் ஹார்மோன்தான் முழுக்காரணம் என்றால் பயத்துக்கும் கோபத்துக்கும் அதே இளவயது மேடு எழுந்திருக்க வேண்டும். அந்த வயதில் பயமும் கோபமும் காதலுக்குக் குறைந்தவையா என்ன? டென்மார்க் ஆய்வில் அவற்றுக்கு மேடு இல்லாமல் போனதால், வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

பெர்ன்ட்சனும் ரூபினும் அந்த இன்னொன்றை, சமூகம் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கும் வாழ்க்கைத் திரைக்கதை என்று சொன்னார்கள். படிப்பு, காதல், வேலை, கல்யாணம், முதல் குழந்தை என்று எந்த வயதில் எது வரவேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு சமூகத்திலும் இருக்கிறது. அதில் வரும் நல்ல காரியங்கள் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக்கும் இழப்புக்கும் அந்தக் கணக்கில் வயது கிடையாது. இதைச் சோதிக்க அவர்கள் உளவியல் மாணவர்கள் 87 பேரிடம் அதே கேள்விகளைக் கொடுத்து, ‘எழுபது வயதான ஒரு சராசரி மனிதர் எந்த வயதில் அதிகம் காதலில் இருந்திருப்பார், எந்த வயதில் அதிகம் பயந்திருப்பார்’ என்று ஊகிக்கச் சொன்னார்கள். இனிய விஷயங்களுக்கு மாணவர்கள் தயக்கமில்லாமல் வயது சொன்னார்கள், அவை வயதானவர்கள் உண்மையில் சொன்ன பதில்களோடு ஒத்துப்போயின. கெட்டவற்றுக்கு அவர்களால் அந்த உறுதியோடு சொல்ல முடியவில்லை. எழுபது வருடம் வாழ்ந்திராதவர்கள் அந்த மேட்டை வரைந்து காட்டினார்கள் என்றால், அதன் ஒரு பகுதி அனுபவத்தில் இல்லை, பொதுக்கணக்கில்தான் இருக்கிறது. ஒருவர் பின்னோக்கித் தேடும்போது அந்தத் திரைக்கதையைக் கையில் பிடித்துக்கொண்டே தேடுகிறார். அது சுட்டும் இடங்களுக்கு முதலில் போகிறார், திரும்பத் திரும்பப் போகிறார். போகப்போக அந்தத் தடம் பதிகிறது.

முதலாவதாக நடப்பதற்கென்று தனியாக ஒரு வலுவும் இருக்கிறது. டேவிட் பில்லிமரும் சகாக்களும் அமெரிக்காவின் வெல்ஸ்லி கல்லூரியில் படித்த பெண்களிடம், படிப்பு முடிந்து 2, 12, 22 வருடங்கள் ஆன பிறகு, கல்லூரி முதலாம் ஆண்டு நினைவுகளைக் கேட்டார்கள். ஒரு முழு ஆண்டின் நினைவுகள் அதன் தொடக்க வாரங்களில் போய்க் குவிந்திருந்தன. புதிய இடம், புதிய முகங்கள், இதற்கு முன் எதோடும் ஒப்பிட வழியில்லாத நாட்கள். பிறகு வந்த மாதங்கள் ஒன்றுபோல இன்னொன்று இருந்ததால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. இது வயதின் வேலையா, புதுமையின் வேலையா என்பதைப் பிரித்துப் பார்க்க, புலம்பெயர்ந்தவர்களின் நினைவுகள் உதவின. ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் அமெரிக்காவில் குடியேறிய, ஸ்பானிய மொழி பேசும் முதியவர்கள் சிலரை ஆராய்ந்தபோது, முப்பதுகளில் நாடு மாறியவர்களின் மேடு அந்த வயதுக்குத் தள்ளிப்போயிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வங்கதேசத்திலும் இதற்கு ஒத்த ஒன்று தெரிந்தது. மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், விடுதலைப் போராட்டத்தின்போது நடுவயதில் இருந்தவர்களுக்கு, வழக்கமான இளமை மேட்டோடு அந்த வருடங்களில் இரண்டாவதாக ஒரு மேடும் இருந்தது. வாழ்க்கை புரண்டு படுக்கும் காலம் எதுவோ, நினைவு அங்கே குவிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது இளமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 1965-இல் பிறந்து, 1982-இல் பிளஸ் டூ படித்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். டியூஷனுக்கு வரும் ஒரு பெண், அவள் ஏறும் டவுன் பஸ், நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை ரேடியோ, நோட்டுக்குள் வைத்துக் கொடுத்த ஒரே ஒரு கடிதம். மொத்தமாகப் பேசியது ஏழெட்டுத் தடவைதான் இருக்கும். அறுபது வயதில் அவருக்கு அந்தப் பஸ் நிறுத்தம் அப்படியே கண்முன் நிற்கிறது. 2005-இல் ஒரு வருடம் முழுக்க அலுவலகத்துக்குப் போக நின்ற நிறுத்தம் நிற்பதில்லை. முதலாவது, அந்த நிறுத்தம் முதன்முதலாக வந்தது. அதற்கு முன் அவர் யாருக்காகவும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றதில்லை. இரண்டாவது, ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவர் பதில் தேடிக்கொண்டிருந்த வயது அது. தன்னை ஒருவர் விரும்பலாம் என்று தெரிந்த நாள், தன்னைப் பற்றிய அவருடைய கணிப்பையே மாற்றியது. அந்த வகையில் அது அவளைப் பற்றிய நினைவு என்பதைவிட அவரைப் பற்றிய நினைவு. மூன்றாவது, அதை அவர் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அன்றிரவே, மறுநாள் நண்பனிடம், பரீட்சை முடிந்த விடுமுறையில், அந்த டீக்கடைப் பாட்டு எங்கே கேட்டாலும். இப்படி இடைவெளி விட்டு விட்டு நினைத்துப் பார்ப்பதுதான் ஒன்றை மனதில் நிறுத்தச் சிறந்த வழி. பாடம் படிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் வேதியியலை யாரும் இந்த ஆசையோடு திரும்பிப் பார்ப்பதில்லை.

ஞாபகம் இருப்பது ஒரு விஷயம், இனிப்பாக இருப்பது வேறு விஷயம். அந்த உதாரண மனிதரின் கதை நல்லபடி முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கடிதம் வீட்டில் மாட்டியது, டியூஷன் நின்றது, சில மாதங்கள் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது வருடம் கழித்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நடந்தது எதையும் அவர் மறக்கவில்லை. அந்தச் சம்பவத்தோடு ஒட்டியிருந்த வலிதான் போய்விட்டது. ரிச்சர்ட் வாக்கரும் சகாக்களும் 1997-இல் இதை நாட்குறிப்புகளைக் கொண்டு அளந்தார்கள். மாணவர்கள் தங்களுக்கு நடந்தவற்றை அன்றன்றே எழுதி, அது எவ்வளவு இனிமை அல்லது எவ்வளவு கசப்பு என்று மதிப்பெண் போட்டார்கள். மூன்று மாதம், ஒரு வருடம், நாலரை வருடம் என்று கழித்து, அதே குறிப்பைப் படித்துவிட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று மறுபடி போட்டார்கள். இனிமையும் குறைந்தது, கசப்பும் குறைந்தது. கசப்பு குறைந்த வேகம்தான் அதிகம். பல நாடுகளில் இதே முடிவு மீண்டும் மீண்டும் கிடைத்திருக்கிறது. நடந்ததை அடுத்தவரிடம் சொல்லச் சொல்லக் கசப்பு இன்னும் சீக்கிரம் வடிவதாகவும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இதற்கு நெருங்கிய உறவான மற்றொன்றை டெரன்ஸ் மிட்செலும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1997-இல் ‘ரோஜா நிறப் பார்வை’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். ஐரோப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் சுற்றுலா போனவர்களையும், கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிள் பயணம் போனவர்களையும், போகுமுன்னும் போகும்போதும் வந்த பின்னும் கேட்டார்கள். போகும்போது மழை, களைப்பு, எரிச்சல் என்று குறை சொன்னவர்கள், வீடு திரும்பிச் சில நாட்களுக்குள்ளேயே பயணத்தைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள். இது நடக்க நாற்பது வருடம் ஆகவில்லை, சில நாட்கள் போதுமாக இருந்தன. சின்னச் சின்னத் தொல்லைகள்தான் முதலில் உதிர்கின்றன. பஸ் நிறுத்தத்தில் வெயிலில் காத்திருந்து வராமல் போன நாட்கள், அவள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள், நேரம் வீணாகிறதே என்ற படிப்புக் கவலை எல்லாம் அந்த வகை.

தெளிவாக இருக்கிறது என்பதால் சரியாக இருக்கிறது என்று ஆகாது. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜெனிஃபர் டலாரிகோவும் ரூபினும், நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள், 2001 செப்டம்பர் 12 அன்று, ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் 54 பேரிடம் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கினார்கள். தாக்குதல் செய்தியைக் கேட்ட தருணம் ஒன்று, அதே நாட்களில் நடந்த ஒரு சாதாரணச் சம்பவம் ஒன்று. பிறகு ஒரு பகுதியினரை 1 வாரம் கழித்தும், மற்றவர்களை 6 அல்லது 32 வாரம் கழித்தும் மறுபடி கேட்டார்கள். இரண்டு நினைவுகளும் ஒரே வேகத்தில் பிசகின. விவரங்கள் மாறின, புதிதாகச் சில சேர்ந்தன. ஆனால் சாதாரண நினைவு மங்கிவிட்டதாக மாணவர்களே உணர்ந்தார்கள். தாக்குதல் நினைவு மட்டும் அச்சுப்பிசகாமல் இருப்பதாக உறுதியாக நம்பினார்கள். உணர்ச்சி அங்கே கூட்டிக் கொடுத்தது துல்லியத்தை அல்ல, நம்பிக்கையைத்தான். முதல் காதலில் அவள் கட்டியிருந்த தாவணி பச்சை என்று ஒருவர் சத்தியம் செய்வதும் இந்த ரகம்தான். பல தடவை சொன்னதில் ஒரு தடவை பச்சை என்று வந்திருக்கும், அதற்குப் பிறகு அது பச்சையாகவே நின்றுவிடும்.

அப்படியானால் நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த கணவனைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ ஏன் இத்தனை பளிச்சென்ற ஆரம்ப நினைவுகள் இல்லை? கேத்தி மெக்ஃபார்லண்டும் மைக்கேல் ராஸும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. காதலித்துக்கொண்டிருந்த மாணவர்கள் தங்கள் துணையைப் பற்றி மதிப்பிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி மதிப்பிட்டு, முதலில் என்ன எழுதினோம் என்பதையும் நினைவிலிருந்து சொன்னார்கள். இடையில் அபிப்பிராயம் இறங்கியவர்கள் முதலிலேயே குறைவாகப் போட்டதாகவும், ஏறியவர்கள் முதலிலேயே உயர்வாகப் போட்டதாகவும் நினைத்தார்கள். இன்றைய மனநிலை நேற்றைய நினைவின் மேல் எழுதிக்கொண்டே இருக்கிறது. கூட வாழ்பவரைப் பற்றிய நினைவுக்கு இந்தத் திருத்தம் தினமும் நடக்கிறது. பால் பாக்கெட், பள்ளிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை நோய் என்று எத்தனையோ அதன் மேல் படிகின்றன. பிரிந்துபோன முதல் காதலில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. பதினேழு வயதுப் பெண் பதினேழு வயதிலேயே நின்றுவிடுகிறாள், அவளோடு சண்டை போட ஒரு மின்கட்டண ரசீதுகூடக் கிடையாது. இது ஆய்வு நேரடியாக நிறுவிய முடிவல்ல, அதிலிருந்து எடுக்கும் அனுமானம்தான். ஆனால் இரண்டு நினைவுகளையும் ஒரே தராசில் வைத்து, அந்தக் காதல்தான் உண்மையான காதல் என்று முடிவு கட்டுவது சரியாகாது என்பதற்கு இதுவே போதும்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டென்மார்க் கேள்வி ‘அதிகம் காதலித்தது எப்போது’ என்பதுதான், ‘முதலில் காதலித்தது எப்போது’ என்பதல்ல. சிலருக்கு இரண்டும் வேறு ஆட்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கசப்பு வேகமாக வடியும் அந்தச் சலுகை குறைவாகவே கிடைக்கிறது, அவர்களுக்குப் பழைய காதலின் வலி பழையதாவதில்லை. மிரட்டலும் அடியும் கலந்திருந்த உறவு வேறு கணக்கு, அதன் நினைவு மேட்டின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை.

தன் நினைவு எந்த அளவுக்குச் சரி என்று ஒருவர் தெரிந்துகொள்ள வெளியிலிருந்துதான் ஆதாரம் வேண்டும்: அந்தக் காலத்து நாட்குறிப்பு, தேதி போட்ட கடிதம், உடன் படித்தவர் தனியாகச் சொல்லும் விவரம். மனதுக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பது உதவாது. கிரேக் பார்க்லேயும் ஹென்றி வெல்மனும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்கள் நான்கு மாதம் தினமும் தங்களுக்கு நடந்தவற்றை எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் அவர்களுடைய சொந்தக் குறிப்புகளோடு, விவரம் மாற்றிய போலிக் குறிப்புகளையும் கலந்து காட்டினார்கள். காலம் போகப்போக, போலிகளையும் ‘ஆமாம், இது என்னுடையதுதான்’ என்று ஒப்புக்கொள்வது கூடிக்கொண்டே போனது.